மேடையில் உருகிய வெண்ணெய்

என் கணவரின் அண்ணன் பிரான்சிலிருந்து நிரந்தரமாகத் திரும்பி வந்தபோது இரண்டு பெட்டிகள் கொண்டு வந்தார். ஒன்றில் துணிமணி. இன்னொன்றில், ஸ்வெட்டருக்குள் சுற்றி, அதற்கு மேல் ஒரு துண்டு சுற்றி, மூடி போட்ட ஒரு வெள்ளைப் பீங்கான் பாத்திரம். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, வயதாகி, பென்ஷன் வாங்கி, மனைவியை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு வந்த மனிதர். பெட்டியைத் திறந்ததும் முதலில் அந்தப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நேராக என் சமையலறைக்குள் வந்தார். அடுப்புக்கு அரை கை தூரத்தில், மேடையின் மேல் வைத்தார்.

"பேர் இருக்கா?" என்று கேட்டார்.

"யார் பேரு மாமா?"

"பேரும்மா, பேர்! ரொட்டில தடவறது."

வெண்ணெயைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. எங்கள் வீட்டில் பட்டர் ஃபிரிட்ஜில் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். கட்டையாக இருந்த பாக்கெட்டை விரலால் தட்டிப் பார்த்தார். கல்லைத் தட்டுவது போல ஓசை வந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. அதை நான் மன்னிக்கவே இல்லை.

"பட்டரை ஃப்ரிஜிதேர்ல வெப்பாங்களாம்மா? பிரான்சுல எந்த வீட்லயும் வெக்க மாட்டாங்க. மேடை மேலதான் இருக்கும். அப்பதான் ரொட்டில தடவ வரும்."

ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் முதலியார்பேட்டையில், என் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுப்பவள். பிறந்தநாள், கல்யாண நாள், பிள்ளைகள் சர்ச்சில் வாங்கும் முதல் நன்மைக்கு ஒரு சின்ன சிலுவை வைத்த வெள்ளைக் கேக், இப்படி. பட்டரும் கிரீமும்தான் என் பிழைப்பு. எந்தக் கொழுப்பு எத்தனை நேரம் வெளியில் தாங்கும், எது தாங்காது என்பது எனக்குப் புத்தகத்திலிருந்து வந்த அறிவு அல்ல. நான் கொட்டிய பாத்திரங்களிலிருந்து வந்தது. ஆனால் வீட்டில் இருக்கிற ஒருத்திக்குத் தெரியும் என்று வெளியூரிலிருந்து வந்தவருக்கு எப்படித் தோன்றும்?

"மாமா, இது பாண்டிச்சேரி. மார்ச் மாசம். இன்னும் ரெண்டு மாசத்துல இங்க வேர்த்துப்போய் சாவோம். பட்டர் எண்ணெயா ஓடிடும்" என்றேன்.

"ஒண்ணும் ஓடாது. நல்ல பேரா இருந்தா ஓடாது" என்றார். உலகத்தில் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே விடை இருந்தது. இந்த ஊர்ச் சாமான் மட்டம், அந்த ஊர்ச் சாமான் ஒசத்தி.

முதல் நாளே அவர் என் பட்டரை ஒதுக்கிவிட்டார். காரணம், அது உப்பு போட்ட பட்டர். "உப்பு போட்டத பிரான்சுல பிரெத்தாஞ் பக்கத்து ஆளுங்க தின்பாங்க. நாங்க சாப்பிட மாட்டோம்" என்றார். நாங்கள் என்றால் யார் என்று எனக்குத் தெரியவில்லை. குருசுக்குப்பத்தில் பிறந்து, பதினெட்டு வயது வரை பழைய சோறும் கருவாடும் தின்ற மனிதர். வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடையில் போய், உப்பில்லாத, தங்கத் தாளில் சுற்றிய இறக்குமதிப் பட்டரை வாங்கி வந்து, பீங்கானில் வைத்து மூடினார்; குறையக் குறைய, பழையதன் மேலேயே புதிது வைப்பார்.

அவர் தேர்ந்தெடுத்தது மேடையில் நிற்க முடியாத பட்டர். அந்த ஒரு தேர்வில்தான் அவருடைய மொத்த அறியாமையும் அடங்கியிருந்தது.

பட்டர் என்பது முழுக்கக் கொழுப்பு அல்ல. அதில் ஆறில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட தண்ணீர் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் துளிகளாக, கொழுப்புக்குள் சிக்கிக்கொண்டு கிடக்கும். கொஞ்சம் பாலின் சத்தும் கூடவே இருக்கும். கெட்டுப்போவது அந்தத் தண்ணீரில்தான் ஆரம்பிக்கிறது. உப்பு போட்டால் உப்பெல்லாம் போய் அந்தத் துளிகளில்தான் சேரும். கொழுப்பில் உப்பு கரையாதே. அதனால் ஒவ்வொரு துளியும் ஊறுகாய்த் தண்ணீர் மாதிரி உப்புக் கரித்து, கிருமி வளர இடம் கொடுக்காது. உப்பில்லாத பட்டரில் அந்தக் காவல் இல்லை. குளிர்ந்த ஊரில் சின்னத் துண்டாக வைத்தால் ஒரு நாள் இரண்டு நாள் தாக்குப்பிடிக்கலாம். எங்கள் சமையலறையில், காஸ் அடுப்புப் பக்கத்தில், ஜன்னல் வெயில் விழுகிற இடத்தில்?

இதையெல்லாம் அவரிடம் சொன்னேனா என்றால், சொன்னேன். காபி ஆற்றிக்கொண்டே, முடிந்த மட்டும் மரியாதையாகச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "நீ கேக்குக்கு வெக்கற பட்டர் வேற. இது சாப்பிடற பட்டர்" என்றார்.

ஏப்ரல் நடுவில் பீங்கான் மூடியைத் திறந்தாலே ஒரு நெடி அடிக்க ஆரம்பித்தது. முதலில் பழைய சீஸ் வாசனை. அப்புறம் சோப்பு. அப்புறம், மன்னிக்க வேண்டும், கைக்குழந்தை கக்கிய பாலின் வாசனை. பட்டரின் மேல்தோல் மட்டும் ஆழ்ந்த மஞ்சளாக, கண்ணாடி போல இருந்தது. சுரண்டினால் உள்ளே வெளுப்பாக இருந்தது. காற்றும் வெளிச்சமும் சூடும் பட்ட இடம் காறிப்போய்விட்டது என்பதற்கு இதைவிடப் பெரிய அடையாளம் கிடையாது.

நான் மூக்கைப் பிடித்துக்கொண்டதை அவர் பார்த்தார்.

"இதுதான் பேரோட நிஜமான வாசன. ஒங்களுக்குப் பழக்கமில்ல" என்றார். ரொட்டியில் தடவிச் சாப்பிட்டார். அவர் முகம் ஒரு கணம் சுருங்கியதை நானும் பார்த்தேன். ஆனால் தோற்க மனமில்லாமல் விழுங்கிவிட்டார். பெருமைக்காக மனிதன் எதையும் விழுங்குவான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

என் கணவர் இந்த விஷயத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு அண்ணன் பேசினால் வாய் கட்டிப்போகும். ஒரு நாள் நான் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"ஒங்கண்ணன் கிட்ட நீங்க சொல்லக் கூடாதா?"

"பட்டருக்குப் போயி சண்ட போடணுமா? பொண்டாட்டி செத்து ஒரு வருஷம்கூட ஆகல. விட்டுடு."

"பொண்டாட்டி செத்ததுக்கும் பட்டர் அழுகறதுக்கும் இன்னா சம்பந்தம்?"

அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். சம்பந்தம் என்னவென்று எனக்கும் அப்போது தெரியாது.

பட்டரோடு நின்றிருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அவர் தன் கொள்கையில் உறுதியானவர். ஃபிரிட்ஜ் என்பதே ஒரு அமெரிக்கச் சதி என்பது போல, என் பொருட்களை எல்லாம் வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

எங்கள் வீட்டில் பாலேட்டைச் சேர்த்து வைத்து, தயிர் ஊற்றிக் கடைந்து, வெண்ணெய் எடுப்பேன். அதை நன்றாக, தெளிந்த தண்ணீர் வரும் வரை கழுவி, குளிர்ந்த தண்ணீருக்குள் போட்டு ஃபிரிட்ஜில் வைப்பேன். அப்படியும் சீக்கிரம் உருக்கிவிட வேண்டும். வீட்டில் எடுக்கிற வெண்ணெயில் எத்தனை கழுவினாலும் கொஞ்சம் மோர் தங்கிவிடும். அந்த மோர்தான் முதல் எதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மாதா கோவில் பூசைக்குப் போய்விட்டு வருவதற்குள் அதையும் மேடையில் வைத்துவிட்டார். தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் வைத்தார். "ஊறிப்போயிடும்" என்றார். மறுநாள் காலை அதில் தயிர்க்கடை வாசனை வந்தது. அதற்கு அடுத்த நாள் மேலே இளஞ்சிவப்பில் இரண்டு புள்ளிகள். நான் அதைக் குப்பையில் கொட்டியபோது அவர் பக்கத்திலேயே நின்று, "அது பேரே இல்லம்மா. வீட்டு வெண்ண" என்றார். அவர் மேடையில் கெட்டது எதுவும் பேர் இல்லை. பேராக இருந்தால் கெட்டிருக்காது. இந்த மாதிரி ஒரு வாதத்தை யாரும் ஜெயிக்க முடியாது.

அதற்குப் பிறகு கிரீம். அதைச் சொன்னால் எனக்கு இன்னும் ரத்தம் கொதிக்கும். சனிக்கிழமை மாலைக்கு ஒரு கல்யாண நாள் கேக். அதற்காகத் திறந்து, கொஞ்சம் எடுத்துவிட்டு, மூடி ஃபிரிட்ஜில் வைத்திருந்த கிரீம் டப்பா. பட்டராவது ஆறில் ஒரு பங்குதான் தண்ணீர். கிரீமில் பாதிக்கு மேல் தண்ணீர். கொழுப்பு அதில் மிதந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதை வெளியே வைப்பதும் பாலை வெளியே வைப்பதும் ஒன்று. சனிக்கிழமை மத்தியானம் நான் பார்த்தபோது டப்பா உப்பி, மூடி மேல்நோக்கிக் குவிந்திருந்தது.

"இத யார் வெளிய வெச்சாங்க?"

"நான்தான். ஐஸ் கட்டி மாதிரி இருந்துச்சு. நீ அடிக்கறதுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு" என்றார்.

"மாமா, கிரீம் ஜில்லுன்னு இருந்தாத்தான் அடிபடும்! சூடானா அது எழும்பாது!"

"எனக்குத் தெரியாதா? பிரான்சுல…"

"பிரான்ச எங்கிட்ட சொல்லாதீங்க!"

அதுவரை அவரிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. அவர் திகைத்துப் போய்ப் பார்த்தார். பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வண்டி எடுத்துக்கொண்டு மூன்று கடை ஏறி இறங்கிப் புதுக் கிரீம் வாங்கி, கேக்கைத் தாமதமாகக் கொடுத்து, வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று மாலை என் கணவர் என்னிடம் சொன்ன ஒரே வார்த்தை, "பெரியவர்கிட்ட கத்தலாமா?"

அந்த வீட்டில் அவர் கை வைக்காத ஒரே பொருள் என் நெய் ஜாடி. அது மேல் அலமாரியில், ஜன்னலுக்கு எதிர்ப்புறம், இருட்டான மூலையில், பொங்கலுக்கு முன்னாலிருந்து இருக்கிறது. ஃபிரிட்ஜைப் பார்த்ததே இல்லை. காரணம் ரகசியம் எதுவும் இல்லை. வெண்ணெயை உருக்கும்போது சடசடவென்று சத்தம் வருகிறதே, அது தண்ணீர் போகிற சத்தம். சத்தம் அடங்கினால் தண்ணீர் முடிந்தது. பாலின் சத்து அடியில் சிவந்து படியும். வடிகட்டி எடுத்துவிட்டால், கெடுவதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை. ஈரக் கரண்டி மட்டும் உள்ளே போகக் கூடாது. வெளியில் வைக்கத் தகுந்த பாற்கொழுப்பு அது ஒன்றுதான் என்று சொல்லலாம். அதற்கு அடுத்தது உப்பு பட்டர், அதுவும் குளிர் காலத்தில், ஒரு நாள் இரண்டு நாள். உப்பில்லாதது அதற்கும் கீழே. வீட்டு வெண்ணெய் அதற்கும் கீழே. கிரீம் கணக்கிலேயே வராது. ஆனால் மேடையில் வைத்தாலும் நிற்கக்கூடிய நெய்யை அவர் தொடவே இல்லை. நெய் அவருக்கு நாட்டுப்புறம்.

மே மாதம் அவருடைய மகள் பிரான்சில் அவர்கள் இருந்த லியோனிலிருந்து வந்தாள். அவளுடைய அம்மா இறந்து ஒரு வருடம் முடிகிறது. கோவிலில் பூசை வைத்திருந்தோம். பூசை முடிந்ததும் வீட்டில் கூத்தே, அதாவது சாயங்காலக் காபியும் பலகாரமும் என்று ஏற்பாடு. நான் வடையும் கேக்கும் செய்கிறேன் என்றேன்.

"கேக்க நான் செய்றேன்" என்றார் அவர். "கத்ர் கார். என் பொண்டாட்டி செய்வா. மாவு, சக்கர, முட்ட, பேர், நாலும் சரிசமம். அதுக்கு பேர்தான் உயிர்."

நாலில் ஒரு பங்கு பட்டர். பட்டரின் குணம் எதுவோ அதுதான் கேக்கின் குணம். பீங்கானைத் திறந்து பார்த்தேன். மே மாத வெயிலில் அது பட்டராகவே இல்லை. மேலே மஞ்சள் எண்ணெய், கீழே மோர் மாதிரி வெளுத்த தண்ணீர், நடுவில் மணல் மணலாக ஏதோ. தங்கத் தாளில் வந்த சரக்கு.

"மாமா, ஃபிரிட்ஜ்ல புதுசு இருக்கு. உப்பில்லாததுதான். காலைல ஒரு மணி நேரம் வெளிய வெச்சா கேக்குக்கு அளவா எளகிடும். இத விடுங்க."

"ஒனக்கு மட்டும்தான் கேக் தெரியும்னு நெனப்பா?"

நான் பேசாமல் வடைக்குப் பருப்பு அரைக்கப் போய்விட்டேன். செய்யட்டும். எல்லாரும் சாப்பிட்டுப் பார்க்கட்டும். அந்தப் பட்டரால் யாரும் செத்துவிடமாட்டார்கள், அடுப்பில் வேறு வேகப்போகிறது. காறல் வேகாது என்பது எனக்குத் தெரியும். வேகட்டும், தெரியட்டும் என்று நினைத்தேன்.

கேக் என்னவோ அழகாக வந்தது. பொன்னிறமாக, நடுவில் ஒரு பிளவு. நெடி மட்டும் மொட்டை மாடி வரை போனது.

பூசைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அவர் வயதுக்காரர்கள். பென்ஷன்காரர்கள், அவர்களுடைய மனைவிமார்கள். வெயிலிலும் கோட்டுப் போட்டு வந்த ஒருவர், பதக்கத்தின் சிவப்பு நாடாவைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்த ஒருவர். சோபாவில் உட்கார்ந்து, முழங்காலில் தட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டாக வாயில் போட்டார்கள். நான் காபி டம்ளர்களோடு நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

கோட்டுக்காரர் மென்றார். நின்றார். இன்னொரு முறை மென்றார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "செ போன், நல்லா இருக்கு" என்றார்.

"வெரி ரிச்" என்றார் சிவப்பு நாடாக்காரரின் மனைவி, காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு. "இங்க கெடைக்கற கேக்ல இந்த டேஸ்ட் வராது."

அது உண்மைதான்.

இன்னொருவர் ஒரு படி மேலே போனார். "இதுல ஒரு பழைய வாசன இருக்கு பாரு, அதாம்ப்பா பிரான்சு. நான் அங்க இருந்தப்ப இப்டித்தான் இருக்கும்." அவர் பிரான்சுக்குப் போனதே ஒரு முறை, ஏதோ காகிதங்களில் கையெழுத்துப் போட. சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். ஒருத்தருக்கும் நன்றாக இல்லை என்று சொல்லத் தைரியம் இல்லை. சொன்னால் பிரான்சு தெரியாதவர் ஆகிவிடுவார். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. இவர்கள் அவ்வளவு பேரும் சேர்ந்து ஒரு காறிப்போன கேக்கை மரியாதையாக விழுங்கியதைப் பார்க்கையில், எனக்குச் சிரிப்பு வந்தது, அருவருப்பும் வந்தது. என் வடைத் தட்டு மட்டும் சத்தமில்லாமல் காலியானது.

என் கணவரின் அண்ணன் நடுவில் நாற்காலியில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் அவர் முகத்தையும் பார்த்தேன். அவர் தன் துண்டைத் தொடவில்லை.

அப்போதுதான் மகள் உள்ளே வந்தாள். வாசலில் யாரையோ வழியனுப்பிவிட்டு வந்தவள், ஒரு துண்டை எடுத்து நின்றபடியே கடித்தாள். உடனே கைக்குட்டையில் துப்பினாள். கூச்சமே இல்லாமல், எல்லார் முன்னாலும்.

"பப்பா, இது இன்னா பேர்? காறிப்போச்சு!"

கோட்டுக்காரர் தன் தட்டைப் பார்த்துக்கொண்டார்.

"காறலா?" என்றார் அவர். "ஒங்கம்மா செய்ற கேக் இப்டித்தான். பேர் வெளியதான் இருக்கும். ஒனக்குத் தெரியாதா?"

"எங்க பப்பா வெளிய இருந்துது?"

"நம்ம வீட்டு மேடைல. தெனமும் நான் எழுந்து வரும்போது இருக்குமே, இந்தப் பாத்திரத்துல."

மகள் அவரையே பார்த்தாள். கோபமாகத்தான் பேச ஆரம்பித்தாள், ஆனால் பேசப் பேசக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"பப்பா, பேர் நம்ம வீட்ல எப்பவும் ஃப்ரிஜிதேர்லதான் இருந்துது. அம்மா காலைல உங்களுக்கு முன்னாடி எழுந்து, ஒரு சின்னத் துண்டு வெட்டி, இந்தப் பாத்திரத்துல வெச்சு மூடுவாங்க. நீங்க குளிச்சுட்டு வர்றதுக்குள்ள எளகி இருக்கும். நீங்க சாப்பிட்டுப் போனதும் மிச்சத்த எடுத்து உள்ள வெப்பாங்க. கோட காலத்துல அதையும் பண்ண மாட்டாங்க, நீங்க உக்காந்தப்பறம்தான் எடுப்பாங்க. அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப நான்தான் பண்ணேன். நீங்க கவனிக்கவே இல்ல."

"தெனமுமா?"

"தெனமும்."

சிவப்பு நாடாக்காரர் திடீரென்று தன் வீட்டில் வேலை இருப்பதை நினைவுகூர்ந்தார். அவரைத் தொடர்ந்து ஒவ்வொருவராக எழுந்தார்கள். தட்டுகளில் பாதிப் பாதி கேக் துண்டுகள். வாசலில் செருப்பு மாட்டும்போது ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "நான் வாயில போட்டதுமே நெனச்சேன்." சொல்லியிருக்கலாமே ஐயா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

எல்லாரும் போன பிறகும் அவர் அதே நாற்காலியில் இருந்தார். நான் தட்டுகளை அடுக்கினேன். எத்தனை நாளாக எதிர்பார்த்த வெற்றி. இனி ஒரு வார்த்தை பேச முடியாது அவரால். நான் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சந்தோஷம் வரவில்லை. வந்தது வேறு ஒரு கோபம். பட்டர் பற்றி ஒன்றும் தெரியாததற்காக இத்தனை நாள் அவரை ஏளனம் செய்துகொண்டிருந்தேன். அது என்ன பெரிய விஷயம்? ஒரு கல்யாண வாழ்க்கை முழுக்க வாழ்ந்துவிட்டு, தன் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்காத மனிதர் இவர். தன் தட்டுக்கு முன்னால் ஒருத்தி வருகிறாள், போகிறாள் என்பதைக் காணாதவர். அவள் செய்ததை அந்த நாட்டின் வழக்கம் என்று நினைத்துக்கொண்டு, கடல் தாண்டிக் கொண்டு வந்து, எனக்குப் பாடம் எடுத்தவர்.

என் கணவர் அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மோர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஃபிரிட்ஜில் என்றேன். "எந்தத் தட்டுல?" என்றார். நான் அவரைப் பார்த்த பார்வையில் எழுந்து போய்த் தானே தேடினார். கண்டுபிடிக்க வெகு நேரம் ஆனது.

மகள் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாள். அவள் போன மறுநாள் காலை நான் சமையலறைக்கு வந்தபோது அவர் எனக்கு முன்னாலேயே அங்கே நின்றிருந்தார். பீங்கான் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துகொண்டு, ஏதோ பாங்கியில் பெட்டகத்தைத் திறந்தவர் போல உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, பட்டர் எவ்ளோ நேரம் முன்னாடி எடுக்கணும்?"

"ஒரு சின்னத் துண்டுக்கு இந்த வெயில்ல பத்து நிமிஷம் போதும் மாமா. மழக் காலத்துல அர மணி."

"நீ எடுத்து வெச்சிடறியா?"

"இல்ல மாமா" என்றேன்.

அவர் கத்தியைத் தேடினார். எங்கே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மூன்று இழுப்பறைகளைத் திறந்து கண்டுபிடித்து, ஒரு துண்டு வெட்டினார், கோணல்மாணலாக.

இதோடு அவர் திருந்திவிட்டார் என்று சொன்னால் அது கதையாகிவிடும். அவர் கட்சி மாறினார், அவ்வளவுதான். இப்போது ஃபிரிட்ஜின் புகழ் பாடுகிறார். கோவிலில் பூசை முடிந்து வெளியே நிற்கும்போது, கோட்டுக்காரரிடம், உப்பு பட்டரில் உப்பு எங்கே போய்ச் சேருகிறது என்று விளக்கிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன். நான் காபி ஆற்றிக்கொண்டே சொன்ன அதே வார்த்தைகள். யார் சொன்னது என்று கோட்டுக்காரர் கேட்டதற்கு, "பிரான்சுல எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

ஜூன் மாதம் ஒரு நாள் என் நெய் ஜாடியைக் காணோம். ஃபிரிட்ஜில் இருந்தது. கல்லாக இறுகி, கரண்டி இறங்கவில்லை.

"மாமா, நெய்ய ஏன் உள்ள வெச்சீங்க?"

"கெட்டுடாதா?"

"அதுல தண்ணியே இல்ல. அது கெடாது. இத்தன மாசமா மேலதான் இருந்துது."

"அப்டியா?" என்றார். வாதம் செய்யவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஜாடியை எடுத்துத் துணியால் வெளி ஈரத்தைத் துடைத்தார். அலமாரியில் வைக்கப் போனவர் பாதியில் நின்றுவிட்டார்.

"அவளும் நெய் வெச்சிருந்தாளாம்மா? லியோன்ல?"

"எனக்கெப்படித் தெரியும் மாமா? நான் அங்க வந்ததே இல்லையே."

"சாம்பார்ல நெய் ஊத்துவா. அது ஞாபகம் இருக்கு. எங்கேந்து எடுப்பான்னுதான் தெரியல."

"ஒங்க பொண்ணக் கேளுங்க."

கேட்டார். உடனேயே போன் போட்டார், அங்கே இன்னும் விடிந்திருக்காது என்று நான் சொல்வதற்குள். ஸ்பீக்கரில் மகளின் தூக்கக் குரல் பதறிக்கொண்டு வந்தது. "பப்பா? இன்னா ஆச்சு? ஒடம்புக்கு எதாவதா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. அம்மா நெய்ய எங்க வெப்பா?"

விளக்கைப் போடும் சத்தம் கேட்டது. பிறகு அவள் சொன்னாள். அடுப்புக்கு இடது பக்கத்து அலமாரி, இரண்டாவது தட்டு, காபித் தூள் டின்னுக்குப் பின்னால். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, அங்கே அந்த அலமாரி இருப்பது போலத் தலையாட்டினார்.

"சரி. சக்கர எங்க வெப்பா?"

நான் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு என் வேலையைப் பார்க்க ஆரம்பித்தேன். அவர் உப்பு, மிளகு, புளி என்று கேட்டுக்கொண்டே போனார்.